லீவி-ஜென்னிங்ஸ் சார்ட்டும் வெஸ்ட்கார்ட் விதிகளும்: சின்ன லேபில் சில வருடப் பயன்பாடு

காட்பாடியில் எங்கள் லேபில் இருப்பது ஒரு செமி ஆட்டோ அனலைசர். தினமும் காலையில் நோயாளி சாம்பிளைத் தொடுவதற்கு முன், அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோலை ரெண்டு லெவலில் ஓட்டுவோம். முன்பெல்லாம் கண்ட்ரோலோடு வரும் தாளில் உள்ள ரேஞ்சுக்குள் வந்தால் ஒரு டிக், அவ்வளவுதான். இப்போது எக்செல்லில் சார்ட் போட்டு வெஸ்ட்கார்ட் விதிகளை வைத்துப் பார்க்கிறோம். குளுக்கோஸை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

தாளில் லெவல் 1-க்கு 95, ரேஞ்ச் 81 முதல் 109 வரை. பல லேப்கள், பல மெஷின்கள் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அது அவ்வளவு அகலம். நம் மெஷின் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் 20 வெவ்வேறு நாட்களில் நாளைக்கு ஒரு முறை ஓட்டி, நம் சராசரியையும், அளவுகள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எஸ்டியையும் நாமே எடுக்க வேண்டும். B2 முதல் B21 வரை அந்த அளவுகள், C2-வில் இன்றைய அளவு என்றால்:

```
=AVERAGE(B2:B21)
=STDEV(B2:B21)
=(C2-AVERAGE(B$2:B$21))/STDEV(B$2:B$21)
```

எங்களுக்கு லெவல் 1-ல் சராசரி 92, எஸ்டி 2. லெவல் 2-ல் 280, எஸ்டி 6. நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஒன்று, ரெண்டு, மூன்று எஸ்டியில் கோடு போட்டால் சார்ட் தயார். ஒன்று மட்டும் கவனம்: இந்த 20 நாளில் "ஒத்து வராத" அளவைத் தூக்கிவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். குமிழி, தவறான பிப்பெட் என்று காரணம் தெரிந்தால் மட்டுமே எடுக்கலாம். இல்லாவிட்டால் எஸ்டி பொய்யாகச் சுருங்கி, பிறகு தினமும் அலாரம்தான்.

இந்த உழைப்புக்குப் பலன் தெரிந்தது ஒரு ஏப்ரல் திங்கட்கிழமை. வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். அன்று ஸ்டாண்டர்ட் ஓட்டி, அப்சார்பன்ஸை மி.கி. கணக்குக்கு மாற்றும் ஃபேக்டரைப் புதுப்பித்த கையோடு கண்ட்ரோல் போட்டதில் லெவல் 1 87.7, லெவல் 2 267. பழைய டிக் முறையில் ரெண்டுமே பாஸ். சார்ட்டிலோ ரெண்டும் ஒரே பக்கம், மைனஸ் ரெண்டு எஸ்டிக்குக் கீழே. அதாவது 2-2s, ரிப்போர்ட் நிறுத்தம்.

"இன்னொரு தடவை போட்டா வந்துடும் சார்" என்றார் டெக்னீஷியன். எல்லா லேபிலும் கேட்கும் வசனம் இது. ஆனால் ரெண்டு லெவலும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம் இறங்கியிருந்தது. தனித்தனி குப்பியில் கரைத்த ரெண்டு கண்ட்ரோலும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போவது அபூர்வம். ரெண்டுக்கும் பொதுவானதைத்தான் தேட வேண்டும். ஃபேக்டர் நோட்டைப் புரட்டினோம். 100 மி.கி. ஸ்டாண்டர்டின் அப்சார்பன்ஸ் போன வாரம் 0.310, அன்று 0.325. ஃபேக்டர் 322.6-லிருந்து 307.7-க்கு வந்திருந்தது, நாலரை சதவீதத்துக்கு மேல் இறக்கம்.

ஸ்டாண்டர்ட் பாட்டிலின் மூடி இறுகாமல் இருந்தது. அடியில் ரெண்டு மில்லி மட்டும் மிச்சமிருக்கும் பாட்டிலில் 0.1 மில்லி ஆவியானாலே ஸ்டாண்டர்ட் 5 சதவீதம் கெட்டியாகிவிடும். மெஷின் அதை இன்னும் 100 என்றே நம்பும். மற்ற எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும். புது ஸ்டாண்டர்ட் பாட்டில் திறந்து மறுபடி ஃபேக்டர் எடுத்ததும் கண்ட்ரோல் 91.6, 279. விட்டிருந்தால் வெறும் வயிற்றில் 128 இருக்க வேண்டியவருக்கு 122 என்று போயிருக்கும். சர்க்கரை நோய்க்கான எல்லை 126 என்பதால் அந்த ஆறு மி.கி. சின்ன விஷயமில்லை.

மற்ற விதிகளில், 1-2s-ஐ எச்சரிக்கையாக மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு லெவலில் சராசரியாக இருபது நாளைக்கு ஒரு தடவை எந்தக் கோளாறும் இல்லாமலே ரெண்டு எஸ்டி தாண்டும். அதற்கெல்லாம் நிறுத்தினால் ரீஏஜென்ட்தான் வீண். ஒரு அளவு மூன்று எஸ்டி தாண்டி 1-3s வந்தால் யோசனையே இல்லை, நிறுத்திவிடுவோம். ஒரு லெவல் பிளஸ் ரெண்டுக்கு மேலும் இன்னொன்று மைனஸ் ரெண்டுக்குக் கீழும் போய் R-4s வந்தால், முதலில் பிப்பெட் டிப், குமிழி, க்யூவெட் பார்ப்போம். எரிச்சல் தருவது 10x. புது லாட் ரீஏஜென்டில் சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும் பத்து புள்ளி வரிசையாக ஒரே பக்கம் உட்கார்ந்துவிடலாம். அதற்கு ரிப்போர்ட்டை நிறுத்துவதில்லை. காரணம் எழுதி வைத்துவிட்டு, சிஎம்சி நடத்தும் வெளித்தர மதிப்பீட்டு சாம்பிளின் முடிவு வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கண்ட்ரோல் லாட் மாறும்போது பழையது தீருவதற்குள் புதியதையும் சேர்த்து ஓட்டி சராசரி எடுத்துவிட வேண்டும். பழையது தீர்ந்த பிறகு ஆரம்பித்தால் மூன்று வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை.

சார்ட்டுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ரத்தம் பிரிக்காமல் கிடந்தால், அதில் உள்ள செல்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். கண்ட்ரோல் அன்றைக்கும் நடுக்கோட்டில்தான் நிற்கும். கலெக்‌ஷன் சென்டருக்கு ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடி டியூப் கொடுத்து, எடுத்த நேரத்தை லேபிளில் எழுதச் சொல்லியிருக்கிறோம். நேரம் எழுதாமல் வந்தால் குளுக்கோஸ் போடுவதில்லை.