பம்பு தகட்டின் படமும் தொட்டி நிறையும் நேரமும்: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் வீடு நாகர்கோவிலுக்கு அருகில், வயலை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை மொட்டை மாடியிலுள்ள 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு ஏற்றுவது, தானே காற்றை இழுத்துத் தள்ளிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார். பகலில் அம்மா மட்டுமே வீட்டில் இருப்பார். அவருக்குக் காது மந்தம் என்பதால், தொட்டி நிறைந்து தண்ணீர் சுவர் வழியாக வழிந்தாலும் கேட்காது. ஆகவே மோட்டாரைப் போட்டதும் அலாரம் வைத்து, அது அதிர்ந்ததும் அணைப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு, தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆகும் என்பது எனக்குச் சரியாகத் தெரிய வேண்டியிருந்தது. மோட்டாரின் விவரங்கள் பொறித்த தகட்டைப் படமெடுத்து அந்தக் கணக்கைத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

தகடு கிணற்றுச் சுவரைப் பார்த்தபடி இருந்ததால் தலையை நுழைத்துப் படிக்க வழியில்லை. கைப்பேசியைச் சுவருக்கும் மோட்டாருக்கும் இடையே நீட்டிப் படமெடுத்தேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில் தகடு வெள்ளையாகப் பளபளத்து எண்கள் மறைந்துவிட்டன. ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தபோதுதான் பொறித்த எழுத்துகளின் நிழல் விழுந்து எல்லாம் தெளிவாயிற்று. தகட்டில் ஈரத்துணியால் துடைத்தும் போகாத பெயிண்டுத் துளி ஒன்று இருந்தது. ஒரு புள்ளியோ சுழியோ அதனடியில் மறைந்திருந்தால் கணக்கு பத்து மடங்கு பிசகும் என்பதால், வெவ்வேறு கோணங்களில் நான்கு படங்கள் எடுத்து ஒப்பிட்டேன்.

தலைமட்டம், அதாவது தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம், 6 முதல் 24 மீட்டர்; வெளியேற்றம் மணிக்கு 2400 முதல் 600 லிட்டர் என்று தகடு சொன்னது. முதல் நாள் நான் செய்த கணக்கு மிக எளிமையானது. மணிக்கு 2400 என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர். ஆகவே 1000 லிட்டர் தொட்டி 25 நிமிடத்தில் நிறைய வேண்டும். அலாரம் அடித்தபோது மாடிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். தொட்டி பாதியை மட்டுமே தாண்டியிருந்தது.

தவறு மோட்டாரில் இல்லை, நான் எண்ணைப் படித்த விதத்தில் இருந்தது. தகட்டிலுள்ள எண்களை ஜோடி ஜோடியாகப் படிக்க வேண்டும். தண்ணீரை 6 மீட்டர் மட்டும் தூக்கினால் 2400 லிட்டர் வரும். 24 மீட்டர் தூக்க வேண்டியிருந்தால் 600 லிட்டர்தான் வரும். பெரிய எண்ணைச் சிறிய உயரத்தோடு சேர்த்துத்தான் பம்பு செய்தவர் எழுதியிருக்கிறார். அந்த 2400-ஐ மட்டும் தனியாக எடுத்து வகுப்பதுதான் இந்தக் கணக்கில் பெரும்பாலானவர்கள் சறுக்குமிடம் என்பது என் கருத்து.

அப்படியானால் எங்கள் வீட்டில் உயரம் எவ்வளவு? தரையிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாய்வாய் வரை அளவுநாடா 9.5 மீட்டர் காட்டியது. தொட்டியின் அடிப்பாகத்தை அளந்தால் போதாது. தண்ணீர் மேலே ஏறி விழுவதால் குழாய்வாயின் உயரமே கணக்கில் சேரும். கிணற்றுக்குள் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். அது செப்டம்பர் மாதம். நீர்மட்டம் தரைக்குக் கீழே 3 மீட்டரில் இருந்தது. இரண்டையும் கூட்டினால் 12.5 மீட்டர். இதோடு குழாய்க்குள் தண்ணீர் உரசி ஓடுவதால் ஏற்படும் இழப்பையும் சேர்க்க வேண்டும். எங்களுடையது ஓர் அங்குலக் குழாய், ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், ஆறு முழங்கை வளைவுகள். அதற்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். முக்கால் அங்குலக் குழாய் போட்டிருந்தால் அதே ஓட்டத்துக்கு இந்த இழப்பு மூன்று முதல் நான்கு மடங்காகியிருக்கும். புதிதாகக் குழாய் பதிப்பவர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஆக மொத்தத் தலைமட்டம் 14.5 மீட்டர். 6 முதல் 24 வரையிலான 18 மீட்டர் இடைவெளியில் ஓட்டம் 1800 லிட்டர் குறைவதால், மீட்டருக்கு 100 லிட்டர் குறைவதாகக் கொள்ளலாம். இவ்வகைப் பம்புகளில் ஓட்டம் கிட்டத்தட்ட நேர்கோட்டில் குறைவதால் வீட்டுக் கணக்குக்கு இது போதுமானது. 6 மீட்டரைவிட 8.5 மீட்டர் கூடுதல் என்பதால் 2400-லிருந்து 850 கழிந்து, மணிக்கு 1550 லிட்டர் என்று வந்தது.

தொட்டியின் அளவிலும் ஒரு திருத்தம் செய்தேன். வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்ட பிறகும், வெளியேறும் குழாய் அடித்தளத்துக்குச் சற்று மேலே இருப்பதால் தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். மேலே வழிவுக்குழாய் விளிம்புக்குக் கீழேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தண்ணீரை அளந்ததில், எங்கள் தொட்டியில் உண்மையில் ஏற்றக்கூடியது ஏறக்குறைய 900 லிட்டர்தான். 900 லிட்டரை 1550-ஆல் வகுத்தால் 35 நிமிடம். மோட்டார் போட்டதும் உறிஞ்சுகுழாயிலுள்ள காற்று வெளியேறித் தண்ணீர் மேலே வர 2 நிமிடம் பிடிக்கிறது. அதையும் சேர்த்து 37 நிமிடத்துக்கு அலாரம் வைத்தோம். அடுத்த வாரம் முழுவதும் தொட்டி 36-க்கும் 38-க்கும் இடையே நிறைந்தது. கயிறும் அளவுநாடாவும் ஒரு தகட்டுப் படமும் சேர்ந்து இவ்வளவு துல்லியம் தரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அன்று மிகவும் மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி மார்ச் வரைதான் நீடித்தது. பாசனச் சானலில் தண்ணீர் வரத்து நின்று வயல் காய்ந்ததும் எங்கள் கிணறும் இறங்கியது. ஏப்ரலில் கயிறு 6.5 மீட்டர் காட்டியது. மொத்த உயரம் 16 மீட்டர்; ஓட்டம் குறைந்ததால் உரசல் இழப்பும் குறைந்து ஒன்றரை மீட்டர்; ஆக 17.5. அப்போது மணிக்கு 1250 லிட்டர்தான் வரும். 900 லிட்டருக்கு 43 நிமிடம். காற்று வெளியேறவும் இப்போது 3 நிமிடம் எடுத்ததால் 46 நிமிடம். கன்னிப்பூ நெல் சாகுபடிக்காக ஜூனில் சானலைத் திறந்து, தென்மேற்குப் பருவமழையும் பிடித்த பிறகு நிமிடங்கள் மறுபடி குறைந்தன. ஆண்டு முழுவதற்கும் ஒரே எண் என்பது நம் மாவட்டத்துக் கிணறுகளுக்குப் பொருந்தாது என்பதால், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் மாதவாரியாக நிமிடங்களை எழுதிய ஓர் அட்டையை ஒட்டிவைத்தேன்.

குளச்சல் பக்கத்தில் மணற்பாங்கான இடத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் இதே கணக்கு சற்று வேறுவிதமாகப் பிசகியது. எங்கள் கிணறு 2 மீட்டர் அகலம் என்பதால் 900 லிட்டர் எடுத்தாலும் மட்டம் ஒரு சாண் அளவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோதான் இறங்கும். அவளுடையது 1 மீட்டர் அகல உறைகிணறு. ஊற்று உடனே ஈடுசெய்யாவிட்டால் அதே 900 லிட்டருக்கு மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். அதனால் தொடக்கத்தில் அளந்த உயரம் நடுவிலேயே மாறி, கடைசிக் கால் தொட்டி நிறைய அதிக நேரம் பிடித்தது. அங்கே மோட்டாரை ஓட்டத் தொடங்கியபோதும் நிறுத்தும்போதும் மட்டத்தை அளந்து சராசரியை எடுத்த பிறகே கணக்கு ஒத்துவந்தது.

அவள் அனுப்பிய தகட்டுப் படத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வெளியேற்றத்தின் அலகு மங்கியிருந்தது; அது மணிக்கா நிமிடத்துக்கா என்று தெரியவில்லை. எண் 1500. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு குதிரைத்திறன் என்பது நொடிக்கு 75 கிலோவை 1 மீட்டர் தூக்கும் வலு. அரைக் குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய 37 கிலோ. நிமிடத்துக்கு 1500 லிட்டர் என்றால் நொடிக்கு 25 லிட்டர். அதை 15 மீட்டர் ஏற்றுவது 375 கிலோவை 1 மீட்டர் தூக்குவதற்குச் சமம். மோட்டாரின் வலுவைப் போல் பத்து மடங்கு என்பதால் அது நடக்காது. எனவே மணிக்கு 1500 என்று முடிவு செய்தோம். தகட்டிலிருந்து எடுத்த எண்ணை இப்படி ஒருமுறை உரசிப் பார்க்காமல் நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் அட்டை 37 என்று சொன்னாலும் தொட்டி நிறைய 48 நிமிடம் ஆனது. முதலில் கயிற்றை இறக்கினேன். மட்டம் அதே 3 மீட்டர். தண்ணீர் மேலே வர எடுக்கும் நேரமும் அதே 2 நிமிடம். குமிழியோ விட்டுவிட்டு வரும் ஓட்டமோ இல்லை. உறிஞ்சுகுழாயில் காற்றுக் கசிவு இருந்திருந்தால் இந்தத் தொடக்க நேரம் நீண்டிருக்கும். அடுத்து, தொட்டியின் குழாய்வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தேன். மணிக்கு 1550 லிட்டர் என்றால் வாளி 46 நொடியில் நிறைய வேண்டும். நிறைய 61 நொடி ஆனது. அதாவது ஓட்டம் 1180-ஆகக் குறைந்துவிட்டது. குழாயடிச் சல்லடையைத் தூக்கிச் சுத்தம் செய்தும் மாற்றமில்லை என்பதால் மெக்கானிக்கை அழைத்தேன்.

"தண்ணி வருதுல்லா அண்ணே, பொறவு என்னத்துக்கு மோட்டாரக் கழத்தணும்?" என்று அவர் தயங்கினார். நான்கு மாத நிமிடங்களையும் வாளிக் கணக்கையும் காட்டிய பிறகு கழற்றினார். இவ்வகைப் பம்பில் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் உறைக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் விடப்பட்டிருக்கும். கிணற்றின் நுண்மணல் அரித்து அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியுமளவுக்கு அகன்றிருந்தது. அழுத்தமேறிய தண்ணீர் மேலே போகாமல் அந்த இடைவெளி வழியே உள்ளுக்குள்ளேயே திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. புது இம்பெல்லர் போட்டதும் வாளி 48 நொடியில் நிறைந்தது. உறையின் தேய்மானம் அப்படியே இருப்பதால் பழைய 46 இனி வராது என்றார். அது நியாயமாகவே பட்டது.

இப்போது அட்டையில் செப்டம்பருக்கு 38 என்றும் ஏப்ரலுக்கு 48 என்றும் திருத்தி எழுதியிருக்கிறேன். காலையில் வீட்டில் துணி துவைக்கும் நேரமானால் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருப்பதால் இந்த எண்கள் பொருந்தா. அதனால் அம்மா துவைத்து முடித்த பிறகே மோட்டாரைப் போடுகிறார். அட்டைக்குக் கீழே, முடிச்சுப் போட்ட அந்தக் கயிற்றை ஓர் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கிணற்றுக்குள் இறக்கி அளப்பது என் வேலை.