சரக்கை எடுத்துக்கொண்டு பணத்துக்கு இழுத்தடித்த பையர்: நிலாவாரை அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

தூத்துக்குடி வழியாக நிலாவாரை இலை அனுப்பும் நெல்லைப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஹாம்பர்க் துறைமுகத்தில் மூலிகைச் சரக்கு இறக்கும் ஒரு பையர், எங்கள் கண்டெய்னரை எடுத்துக் காலி செய்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலையவிட்டார். பெயர் போடவில்லை. ஆள் மாறினாலும் இழுக்கும் வழி ஏறக்குறைய இதுதான் என்பதால், அந்த வழியைச் சொல்கிறேன்.

நம்மூர் இலைக்கு வெளிநாட்டுச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். அதனால் பையர் நம்மைத் தேடி வருவது புதிதல்ல. இவரும் அப்படித்தான் வந்தார். முதலில் சின்ன ஆர்டர்கள். முன்பணம் சுத்தமாக வந்தது. அடுத்து முழு கண்டெய்னர் கேட்டு, டி.ஏ. முறையில் 60 நாள் கடன் கேட்டார். டி.ஏ. என்றால், நம் பில்லில் “குறித்த தேதியில் தருகிறேன்” என்று பையர் கையெழுத்துப் போட்டதும் அவர் ஊர் வங்கி, சரக்கை எடுக்கத் தேவையான பி.எல். உள்ளிட்ட ஆவணங்களைக் கொடுத்துவிடும். பணம் பிறகுதான். அந்த வங்கி காகிதத்தைக் கைமாற்றிக் கொடுப்பதோடு சரி. தனியாக உத்தரவாதம் எழுதித் தந்தால் ஒழிய, பையர் தராவிட்டால் வங்கி தராது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். “வங்கி மூலமாத்தானே போகுது” என்று நம்மில் பல பேர் தைரியமாக இருக்கிறோம்.

பி.எல். தேதி மார்ச் 12. பில்லில் “பி.எல். தேதியிலிருந்து 60 நாள்” என்று இருந்தது. ஆக, கெடு மே 11. ஏப்ரல் 8-ஆம் தேதி பையர் பில்லை ஏற்றுக் கையெழுத்திட்டார். அவருடைய வங்கியிலிருந்து எங்கள் வங்கிக்கு வந்த ஸ்விஃப்ட் செய்தியிலும் கெடு மே 11 என்றே இருந்தது. ஏற்புக்கான அந்தச் செய்திக்கு எம்.டி. 412 என்று பெயர். உங்கள் வங்கியில் அதன் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள்.

மே 11 போயிற்று. பணம் வரவில்லை. விசாரித்தால், “கண்டெய்னர் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது, வெளியே வந்ததும் அனுப்புகிறோம்” என்று பதில். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தூத்துக்குடியில் எங்கள் கிளியரிங் ஏஜென்ட்டிடம் சொன்னபோது அவர், “அண்ணாச்சி, பி.எல்.ல பெட்டி நம்பர் இருக்குல்லா, லைன்காரன் சைட்ல போட்டுப் பாருங்க” என்றார். போட்டோம். கப்பலிலிருந்து இறங்கியது ஏப்ரல் 20. சரக்கோடு துறைமுக கேட்டைத் தாண்டியது ஏப்ரல் 23. காலிப் பெட்டி திரும்பி வந்தது ஏப்ரல் 25. காலிப் பெட்டி வந்துவிட்டது என்றால் உள்ளே இருந்த பேல் எல்லாம் யாரோ ஒருவருடைய குடோனில் இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்தப் பக்கத்தை அன்றைக்கே தேதியோடு பிரிண்ட் எடுத்துவிடுங்கள். கொஞ்ச நாள் கழித்துத் தேடினால் சில லைன்களில் பழைய விவரம் கிடைக்காது.

என் பங்காளிக்குக் கோபம். “ஏமாத்துக்காரன்னு எழுதிப் போடுங்க” என்றார். நான் சம்மதிக்கவில்லை. நாளைக்கு வக்கீலோ ஏற்றுமதிக் காப்பீட்டுக்காரரோ இந்த மெயில்களைத்தான் வரிசையாக வாசிப்பார்கள். திட்டி எழுதினால் பையர் அதையே பிடித்துக்கொண்டு பேச்சைத் திருப்பிவிடுவார். மரியாதை குறையாமல், தேதியும் ஆவணமும் மட்டும் பேசுகிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு மெயில் போட்டோம். தமிழில் சொன்னால் அது இப்படி:

“வணக்கம். எங்கள் இன்வாய்ஸுக்கான சரக்கு, மார்ச் 12 தேதியிட்ட பி.எல். படி தூத்துக்குடியிலிருந்து அனுப்பப்பட்டது. தாங்கள் ஏப்ரல் 8 அன்று பில்லை ஏற்று ஆவணங்களைப் பெற்றுக்கொண்டீர்கள். கப்பல் நிறுவனத்தின் பதிவின்படி கண்டெய்னர் ஏப்ரல் 23 அன்று துறைமுகத்தை விட்டு வெளியேறி, 25 அன்று காலியாகத் திரும்பியுள்ளது. மே 11 அன்று வரவேண்டிய தொகை இன்னும் எங்கள் கணக்கில் சேரவில்லை. ஏதேனும் விடுபட்டிருக்கலாம் என்று நினைக்கிறோம். பணம் அனுப்பும் தேதியை இந்த வெள்ளிக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். எங்கள் வங்கி விவரம் இன்வாய்ஸில் உள்ளதுதான். மாற்றம் எதுவும் இல்லை.”

கடைசி வரியைத் தெரிந்தேதான் சேர்த்தோம். நடுவில் யாராவது மெயிலை உடைத்து வேறு கணக்கு எண்ணைக் கொடுத்து, பணம் அங்கே போய்ச் சேர்ந்த கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. இன்வாய்ஸ், பி.எல்., எம்.டி. 412, கண்டெய்னர் பதிவு நான்கையும் இணைத்தோம். எங்கள் வங்கியிலும் சொல்லி அவர் வங்கிக்கு ஒரு நினைவூட்டுச் செய்தி போகவைத்தோம்.

கஸ்டம்ஸ் பேச்சு அதோடு நின்றது. ஆனால் புதிதாக, “60 நாள் என்பது சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து” என்றார். அவர் கையெழுத்துப் போட்ட பில்லின் நகலை, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு அனுப்பினோம். அதற்குப் பதிலே இல்லை.

ஜூன் கடைசியில் மூன்றாவது காரணம்: இலையின் மருந்துச் சத்தான சென்னோசைடு குறைவாம், விலையில் கழிவு வேண்டுமாம். இந்தச் சரக்குக்கு விலையே சென்னோசைடு அளவை வைத்துத்தான் என்பதால், இது நம்மை உண்மையிலேயே பயமுறுத்தும் பேச்சு. ஈரமான குடோனில் போட்டு வைத்தால் இலை கெடும் என்பதும் உண்மை. ஆனால் ஒப்பந்தத்தில், தரக்குறை இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள், மூன்றாம் தரப்பு லேப் அறிக்கையோடு சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தக் கெடு மே 5-லேயே முடிந்துவிட்டது. லேப் அறிக்கையைக் கேட்டோம், வரவில்லை. ஏற்றுமுன் அனுப்பிய சாம்பிளைச் சரி என்று அவரே எழுதிய மெயிலை எடுத்து அனுப்பினோம். அதே மெயிலில், கெடு தாண்டிய பாக்கியைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது பாலிசிப்படி எங்கள் கடமை என்பதையும் மிரட்டல் இல்லாமல் ஒரு வரியில் சொன்னோம். எனக்குத் தெரிந்து அவரை அசைத்தது அந்த வரிதான். இங்கே பாக்கி வைத்திருப்பவர் என்று பதிவானால், நம் நாட்டில் வேறு யாரிடமும் அவர் கடனுக்குச் சரக்கு எடுப்பது சிரமம்.

அப்புறமும் ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. “வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டோம்” என்று ஒரு ஸ்விஃப்ட் நகல் வந்தது. அதில் யு.இ.டி.ஆர். என்ற நீளமான எண் இல்லை. ஸ்விஃப்ட் வழியாகப் போகும் ஒவ்வொரு பணத்துக்கும் அந்த எண் உண்டு. அதை வைத்து நம் வங்கியே பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடும். எண்ணைக் கேட்டதும் “அக்கவுண்ட்ஸ் பிரிவில் தவறு நடந்துவிட்டது” என்றார்கள்.

ஆகஸ்டில் பணம் வந்தது, 8 சதவீதம் குறைத்து. அந்த 8 சதவீதத்துக்காக அங்கே போய் வழக்குப் போட்டால் வக்கீல் செலவே அதைத் தாண்டும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். குறைந்த தொகைக்கு வங்கியிடம் விளக்கம் எழுதிக்கொடுத்துப் பில்லை முடிக்கிற வேலை தனியாக நடக்கிறது.

போன வாரம் அவரிடமிருந்து மெயில். இரண்டு கண்டெய்னர் வேண்டுமாம், அதே டி.ஏ. 60 நாளில். “40 சதவீதம் முன்பணம், மீதியைக் கட்டிய பிறகுதான் வங்கியிலிருந்து ஆவணம்” என்று எழுதியிருக்கிறேன். அவர் ஆவணத்தை எடுக்காமல் விட்டால் துறைமுக வாடகை ஏறும் என்பதால்தான் முன்பணத்தை 40 என்று வைத்தேன். அது சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கு ஆகும். இந்த வாரம் இன்னொரு நெல்லைக்காரரிடம் அதே இரண்டு கண்டெய்னருக்கு டி.ஏ.வில் விலை கேட்டிருப்பதாக ஏஜென்ட் சொன்னார்.