ஓட்டோடு வால்நட்: 1,400 ரூபாய் போச்சு, நீங்களாவது எடை போட்டுப் பார்த்து வாங்குங்க

உலர்பழம் மட்டுமே விற்கிற ஒரு ஆன்லைன் கடையில ஓட்டோடு வால்நட் 2 கிலோ 1,400 ரூபாய்னு போட்டிருந்தாங்க. உடைச்ச பருப்பு இங்கே மளிகைக் கடையிலயே சில்லறையா கிலோ 1,500. ஓட்டோடு கிலோ 700-தானே, பாதி பருப்பு தேறினாலும் கிலோ 1,400-க்கு வந்துடும். நம்ப வச்சது இந்தக் கணக்கும், "காஷ்மீர் காகித ஓடு, புது அறுவடை"ங்கிற வரியும், உள்ளங்கையில ரெண்டு காயை வச்சு அமுக்கினதும் ஓடு நொறுங்குற வீடியோவும்தான்.

வந்தது சுத்தியல் கேட்கிற தடி ஓடு. எல்லாத்தையும் உடைச்சு எடை போட்டா 820 கிராம் பருப்பு. அதுல 210 கிராம் சுருங்கியோ கறுத்தோ சிக்கு வாடை அடிச்சோ கிடந்தது. திங்கத் தேறினது 610 கிராம். 1,400-ஐ 610-ஆல வகுத்தா ஒரு கிராம் கிட்டத்தட்ட 2 ரூபாய் 30 காசு. மளிகைக் கடைப் பருப்பு ஒரு கிராம் ஒன்றரை ரூபாய். அதே 610 கிராம் அங்கே 915 ரூபாய்க்குக் கிடைச்சிருக்கும்.

கேட்டா கஸ்டமர் கேர் பதில்: "உடைச்ச பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." உடைக்காம உள்ளே கெட்டிருக்குன்னு எப்படித் தெரியும்? "இயற்கைப் பொருள் சார், முன்னப்பின்ன இருக்கும்." போட்டோ அனுப்பினா, பாக்கெட்டில் காலாவதி தேதி தாண்டலையேன்னு சொல்லி புகாரை மூடிட்டாங்க. 1,400 ரூபாய்க்கு இதுதான் மரியாதை.

அந்தத் தேதியிலதான் சூட்சுமம். காலாவதியைக் கணக்கு பண்ணினது பேக் பண்ண தேதியிலிருந்து, பறிச்ச தேதியிலிருந்து இல்லை. காஷ்மீர்ல வால்நட் அறுவடை செப்டம்பர், அக்டோபர்ல. பழைய சரக்கை ஜூலையில பையில போட்டாலும் அது "ஜூலை சரக்கு"தான். வால்நட் பருப்பில் பாதிக்கு மேல கொழுப்பு, அதுவும் காத்துப் பட்டா சீக்கிரம் கெடுற வகை. ஓடு முழுசா இருந்தா கொஞ்சம் தாங்கும், விரிசல் விட்டா உள்ளேயே காறிப்போகும். கெட்டதை மோந்தாலே தெரியும், பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த வாடை. கடிச்சா நாக்கில் கசப்பு நிக்கும். (தோலோட லேசான துவர்ப்பு இயல்பு, அதோட குழப்பிக்காதீங்க.)

ஓடு வெள்ளை வெளேர்னு இருக்கேன்னும் மயங்காதீங்க. சில இடங்கள்ல வெளுக்கவே செய்வாங்க. தரம் பருப்போட நிறத்திலதான். வெளிர் மஞ்சள்ல, துண்டாகாத பாதிப் பருப்பா இருந்தா மேல் தரம், கருக்கக் கருக்க விலை இறங்கணும். துண்டு மலிவு, ஆனா காத்துப் படுற பரப்பு அதிகம், சீக்கிரம் காறும்.

அவசரமா சொல்றேன்: சில்லறையா வாங்கினா கடையிலயே ரெண்டு மூணு உடைச்சுக் கடிச்சுப் பாருங்க. குலுக்கிக் கலகலன்னா பருப்பு சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆன்லைன்னா மொதல்ல கால் கிலோ மட்டும் எடுங்க, பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. பத்துக் காயை எடை போட்டு உடைச்சு, நல்ல பருப்பு பாதிக்குக் கீழே இருந்தா மீதியைத் தொடாம உடனே புகார் போடுங்க. பருப்பா வாங்கினா காத்துப் புகாத டப்பாவில ஃபிரிட்ஜுக்குள்ள.