புரொஜெக்டர் வெளிச்சத்தில் பாட்டி முகம்: படம் முழுக்கத் திருத்தவா, கன்னத்தை மட்டுமா?

தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபம். விளக்குகளை அணைத்துவிட்டுத் திரையில் மணமக்கள் படங்களை ஓட்டினார்கள். முன்வரிசையில் பாட்டி. இடக்கன்னத்தில் திரையின் நீலம், வலக்கன்னத்தில் வாசல் பல்பின் மஞ்சள். நல்லவேளை, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தேன்.

முதல் வழி, படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றுவது. நீலம் பட்ட வெள்ளைப் புடவையில் நிறம் தொட்டெடுக்கும் ஐடிராப்பரை வைத்ததும் இடக்கன்னம் சரியானது, ஆனால் வலக்கன்னம் ஆரஞ்சாகிவிட்டது. இரண்டு நிற வெளிச்சத்துக்கு ஒரே அளவு பொருந்தாது.

இரண்டாவது வழி, வலக்கன்னத்துக்கு ஏற்றபடி படத்தை வைத்துவிட்டு, இடக்கன்னத்தில் மட்டும் ஓரம் மென்மையான மாஸ்க் போட்டு Temp கூட்டி நிறத்தை மஞ்சள் பக்கம் நகர்த்துவது. பத்து நிமிடம் ஆகும், ஆனாலும் எனக்கு இதுதான் பிடித்தது. மாஸ்க்கின் ஓரம் மூக்குத்தண்டில் விழுந்தால் கோடு தெரியாது. அப்புறம் அதே மாஸ்க்கில் வெளிச்ச அளவான Exposure-ஐ முக்கால் ஸ்டாப் ஏற்றியதும் கண்ணோரச் சுருக்கங்கள் தெளிந்து வந்தன. அதற்கு மேல் போனால் தோலில் நிறப்புள்ளிகள் தெறிக்கின்றன. நீல வெளிச்சத்தில் சிவப்புச் சேனலுக்குக் கிடைத்த ஒளியே குறைவு, அதைத்தான் இழுத்துப் பெரிதாக்குகிறோம். 100% அளவில் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

முகத்தில் புரொஜெக்டர் வெளிச்சம் மட்டுமே பட்டிருந்தால் முதல் வழியே போதும்.