முப்பது சதவீதத்தில் அணையும் போன்: நான்கு வைத்தியங்களை எடைபோட்டுப் பார்த்தால்

என் போனுக்கும் சித்தப்பா மகனின் போனுக்கும் ஒரே வியாதி. என்னுடையது நான்கு வருடம் பழையது. மதுரை வெயிலிலேயே வளர்ந்தது. அவனுடையது வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டொரொன்டோவின் ஸ்கார்பரோவில், ஜனவரியில், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அணைகிறது. இரண்டும் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பொட்டென்று அணையும். "அண்ணா, பேட்டரி பொய் சொல்லுதா?" என்று கேட்டான். பேட்டரி பொய் சொல்லவில்லை. உள்ளே 30 சதவீதம் இருக்கத்தான் செய்கிறது, கேட்ட வேகத்தில் எடுத்துக் கொடுக்கத்தான் அதனால் முடியவில்லை.

இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்கள் நான்கு. முழுக்கத் தீர்த்து முழுக்க ஏற்றி பேட்டரியைச் 'சரிபார்ப்பது', போனின் வேகத்தைக் குறைப்பது, சூடாக வைத்துக்கொள்வது அல்லது பவர் பேங்க் செருகுவது, பேட்டரியையே மாற்றுவது. எது எங்கே வேலை செய்யும் என்று பார்க்குமுன் வியாதி என்னவென்று தெரிய வேண்டும்.

கிராமத்தில் வயலோரக் குடிசையில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். பக்கத்துப் பம்புசெட் மோட்டாரைப் போட்டதும் பல்பு மங்கும். கரண்ட் தீர்ந்துபோகவில்லை. நீளமான மெல்லிய கம்பி வழியே திடீரென்று நிறைய மின்னோட்டம் ஓடியதால் கம்பியிலேயே வோல்டேஜ் கொஞ்சம் விழுங்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். போன் பேட்டரிக்குள்ளும் அப்படி ஒரு 'கம்பி' இருக்கிறது. அதற்குப் பெயர் உள்தடை. வெளியே கிடைக்கும் வோல்டேஜ் இப்படித்தான் அமையும்:

```
V = E − I × R
```

E என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது காட்டும் வோல்டேஜ். I என்பது போன் இழுக்கும் மின்னோட்டம். R உள்தடை. V ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அந்த எல்லை மாடலுக்கு மாடல் மாறும், கணக்குக்காக 3.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

லித்தியம் அயான் பேட்டரி வயதாகும்போது கிராஃபைட் மின்முனையின் மேல் படியும் படலம் தடிக்கிறது, அயனிகள் கடந்துபோவது கஷ்டமாகிறது, R ஏறுகிறது. குளிரில் நடப்பது வேறு: உள்ளிருக்கும் மின்பகு திரவம் கெட்டியாகிறது, அயனிகள் மின்முனைக்குள் நுழைவதும் மந்தமாகிறது. சுழியம் டிகிரி வாக்கில் R அறைவெப்பத்தில் இருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு ஆவது சாதாரணம். ஆனால் குளிரில் ஏறியது, சூடானதும் திரும்ப இறங்கிவிடும். வயதில் ஏறியது இறங்காது.

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். 30 சதவீதத்தில் E சுமார் 3.72 வோல்ட். புது பேட்டரியின் R 0.08 ஓம், பழையதற்கு 0.2 ஓம், குளிரில் இரண்டும் இரண்டரை மடங்கு ஆகும் என்று எடுத்துக்கொள்கிறேன். கேமராவும் ஃபிளாஷும் சேர்ந்து இழுக்கும் ஒரு கணத்துக்கு 10 வாட். சிக்கனமாக ஓடினால் 5 வாட்.

| பேட்டரி | 10 வாட் இழுத்தால் | 5 வாட் இழுத்தால் |
|---|---|---|
| புதியது, இதமான வெப்பம் | 3.49 வோல்ட் | 3.61 வோல்ட் |
| பழையது, இதமான வெப்பம் | 3.07, அணையும் | 3.43 வோல்ட் |
| புதியது, குளிர் | 3.07, அணையும் | 3.43 வோல்ட் |
| பழையது, குளிர் | கொடுக்கவே முடியாது | 2.84, அணையும் |

நடு இரண்டு வரிகள் ஒன்றுபோல இருப்பது நான் தேர்ந்தெடுத்த எண்களால்தான், ஆனால் மதுரை போனும் ஸ்கார்பரோ போனும் ஒரே மாதிரி அணைவதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. கடைசி வரியில் 'கொடுக்கவே முடியாது' என்றதும் மிகையல்ல. போன் கேட்பது வாட் கணக்கில். வோல்டேஜ் இறங்க இறங்க, அதே வாட்டுக்கு இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்க வேண்டும். அதனால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். அரை ஓம் தடையுள்ள பேட்டரி அந்த நிலையில் என்ன செய்தாலும் ஏழு வாட்டைத் தொடாது.

30-ல் அணைவது 80-ல் ஏன் அணையவில்லை? 80 சதவீதத்தில் E சுமார் 4.05 வோல்ட். பழைய பேட்டரியே 10 வாட்டுக்கு 3.47-ல் தாக்குப்பிடித்துவிடும். சரிவைத் தாங்க மேலே இடம் இருக்கிறது. கீழே வர வர அந்த இடம் சுருங்கிவிடுகிறது.

இனி வைத்தியங்கள். எதையும் எடைபோட ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது I-ஐக் குறைக்கிறதா, R-ஐக் குறைக்கிறதா?

முழுக்கத் தீர்த்து முழுக்க ஏற்றும் வித்தை இரண்டையும் தொடுவதில்லை. அது சதவீதம் எண்ணும் கணக்கைத்தான் திருத்தும். எண்ணிக்கைதான் தப்பு என்றால் பலன் உண்டு. வோல்டேஜ் சரிவு என்றால் வீண். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. போன் அணைந்ததும் சார்ஜரில் போடாமல் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். 27, 28 சதவீதம் காட்டி எழுந்து, கேமராவைத் திறந்ததும் மறுபடி அணைந்தால் அது சரிவு. சுமை நீங்கியதும் வோல்டேஜ் ஏறிவிட்டது. ஒன்று இரண்டு சதவீதம்தான் காட்டினால் எண்ணிக்கைப் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். சில போன்கள் அணைந்தபின் கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளும் என்பதால் ஒரு தடவை பார்த்து முடிவுகட்ட வேண்டாம். இணையத்தில் இந்த வித்தைக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மாதாமாதம் பூஜ்யம் வரை இறக்குவது பழைய பேட்டரிக்கு நல்லதும் அல்ல.

வேகத்தைக் குறைப்பது I-ஐத் தொடுகிறது. காசும் செலவில்லை. பவர் சேவரைப் போட்டு, 5ஜி-யை அணைத்து, ஃபிளாஷைத் தவிர்த்தாலே அட்டவணையின் வலது பக்கத்துக்கு வந்துவிடுகிறோம். இதைப் பெரிய அளவில் செய்தது ஆப்பிள். ஐபோன் 6எஸ் திடீரென்று அணைவதாகப் புகார்கள் வந்தபின், 2017 ஜனவரியில் வந்த iOS 10.2.1-இல் பழைய பேட்டரி உள்ள போன்களின் உச்ச வேகத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். பொறியியலாகப் பார்த்தால் சரியான வைத்தியம். வெளிப்படையாகச் சொல்லாமல் செய்ததுதான் தப்பு. அந்த வருட டிசம்பரில் விஷயம் வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29-க்கு இறக்கினார்கள். 2020-இல் பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதமும் கட்டினார்கள். இந்த வைத்தியத்தின் எல்லையும் அட்டவணையிலேயே தெரிகிறது: பழைய பேட்டரியும் கடுங்குளிரும் சேர்ந்தால் 5 வாட்கூடத் தாங்காது.

சூடாக வைப்பது குளிரால் ஏறிய R-ஐ மட்டும் இறக்கும். தம்பிக்கு இது போதும். கோட்டின் வெளிப்பையில் வைத்திருந்ததை உள்பைக்கு மாற்றச் சொன்னேன். ஹீட்டர் மேலேயோ ஹேர் டிரையர் முன்னாலோ வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். திடீர்ச் சூட்டில் உள்ளே ஈரம் படியும், பேட்டரிக்கும் கேடு. பவர் பேங்க் செருகினால் போனுக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும், பேட்டரியின் சுமை குறையும், சரிவும் குறையும். ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை ஏற்றினால் லித்தியம் உலோகமாக மின்முனை மேல் படியும். அது நிரந்தரச் சேதம். அதனால்தான் பல போன்கள் கடுங்குளிரில் ஏறாமல் அடம்பிடிக்கின்றன. அந்த அடத்துக்கு நன்றி சொல்லி, முதலில் சூடாக விடுங்கள். மதுரை போனுக்கு இந்த வைத்தியத்தால் பெரிய பயன் இல்லை. எப்போதும் வால்போல ஒரு பவர் பேங்க்கைத் தொங்கவிட்டுத் திரிய யாருக்குப் பிடிக்கும்?

மிஞ்சியது பேட்டரி மாற்றம். வயதால் ஏறிய R-ஐ இறக்க இது ஒன்றுதான் வழி. இங்கே பலர் 'ஹெல்த் 86 சதவீதம்' என்பதைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அந்த எண் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்வது. எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்பதை அல்ல. தண்ணீர்த் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கலாம், குழாய் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். ஐபோனில் உச்சத் திறன் பற்றி அதே பக்கத்தில் தனியாக எழுதியிருப்பார்கள், அதைப் படியுங்கள்.

ஆண்ட்ராய்டில் நாமே ஓரளவு அளந்து பார்க்கலாம். போனுக்குக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பும் adb என்ற கருவி இருந்தால்:

```
adb shell dumpsys battery
```

இதில் `voltage` மில்லிவோல்ட்டில் வரும், `temperature` டிகிரியின் பத்தில் ஒரு பங்கில் வரும். 291 என்றால் 29.1 டிகிரி. யூஎஸ்பி கேபிளில் செருகி அளந்தால் சார்ஜ் ஏறும் வோல்டேஜைப் பார்த்து ஏமாறுவோம், அதனால் கேபிள் இல்லாமல் வைஃபையில் இணைக்கும் வயர்லெஸ் டீபக்கிங் வழியாக இணையுங்கள். என் போன் 31 சதவீதத்தில் சும்மா இருக்கும்போது 3710 காட்டியது. டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்துக்கொண்டே பார்த்தால் 3390. சராசரிச் சுமைக்கே 320 மில்லிவோல்ட் காணாமல் போகிறது. ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் விழும் உண்மையான பள்ளம் இந்த எண்ணில் பிடிபடாது. அது இன்னும் ஆழம்.

கடைக்குப் போனால் இன்னொரு ஒப்பீடு காத்திருக்கிறது. 'கூடுதல் கொள்ளளவு' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு பேட்டரியா, கம்பெனி பேட்டரியா? அதே அளவு பைக்குள் திடீரென்று பல நூறு மில்லி ஆம்பியர் மணி கூடியிருந்தால் ஸ்டிக்கரைத்தான் சந்தேகப்பட வேண்டும். கம்பெனிப் பொருளே ஆனாலும் அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தது வயதாகித்தான் இருக்கும். தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். போனின் பின்மூடி லேசாக உப்பியிருந்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு அன்றே கழற்றக் கொடுத்துவிடுங்கள்.

நான் முதலில் ஒரு மலிவு பேட்டரியைப் போட்டேன். மூன்று மாதம் நன்றாக ஓடி, அப்புறம் 25-ல் அணைய ஆரம்பித்தது. இரண்டாவது தடவை கம்பெனி பேட்டரி. அதே 31 சதவீதத்தில், அதே டார்ச், அதே வீடியோ: 3720-லிருந்து 3600. தம்பி காசு எதுவும் செலவழிக்கவில்லை. பேருந்து வரும்வரை போனை உள்பையிலேயே வைத்திருக்கிறான். வெளியே எடுத்துப் படம் பிடிக்கும்போது மட்டும் இன்னும் ஒன்றிரண்டு தடவை அணைகிறதாம்.