கொழுப்பு அமிலமா, அமினோ அமிலமா? சுவாச ஈவு காட்டுவதும் மறைப்பதும்

சுவாச எரிபொருள் என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு கொழுப்பு அமிலத்துக்குத்தான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, புரதத்தில் 4 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் முடிவுக்குக் காரணம் அதைவிட, எரித்தபின் மிஞ்சும் கழிவு.

பால்மிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு, ஏழு சுற்றில் எட்டு அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. தொடக்கச் செலவைக் கழித்தாலும் 106 ஏடிபி ஆற்றல் மூலக்கூறுகள் கையில் நிற்கும். மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீரும் மட்டுமே.

C16H32O2 + 23 O2 → 16 CO2 + 16 H2O

வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை, செலவான ஆக்ஸிஜனால் வகுத்தால் கிடைப்பதுதான் சுவாச ஈவு. இங்கே 16 / 23 = 0.70. மூலக்கூறில் ஆக்ஸிஜன் குறைவு, ஹைட்ரஜன் அதிகம். அந்த ஹைட்ரஜனை நீராக்க வெளி ஆக்ஸிஜன் நிறையத் தேவைப்படுவதால்தான் சுவாச ஈவு இவ்வளவு இறங்குகிறது.

அமினோ அமிலத்தில் முதலில் அமினோ தொகுதியைக் கழற்றியாக வேண்டும். அதிலிருந்து வரும் அம்மோனியா மூளைக்கு நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக்குகிறது; ஒவ்வொரு யூரியா மூலக்கூறுக்கும் நான்கு உயராற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவு. பிறகு அதைச் சிறுநீரில் கரைத்து வெளியேற்ற நீரும் வேண்டும். அலனினுக்கான சமன்பாடு:

2 C3H7NO2 + 6 O2 → CO(NH2)2 + 5 CO2 + 5 H2O

ஈவு 5 / 6 = 0.83. ஆறு கார்பன்களில் ஒன்று கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வராமல் யூரியாவோடு போய்விடுவதைக் கவனியுங்கள். புரதத்துக்குக் கொழுப்பைப் போலத் தனிக் கிடங்கும் கிடையாது. பட்டினியில் கரைவது வேலை செய்துகொண்டிருக்கும் தசை. ஒரு விஷயத்தில் மட்டும் அமினோ அமிலம் முந்துகிறது. பெரும்பாலான அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்க முடியும். பால்மிட்டிக் அமிலத்திலிருந்து நம் உடலால் அது முடியாது.

இனி சுவாச ஈவு. 0.82 என்று வந்தால் உடல் புரதத்தை எரிக்கிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கொழுப்பும் மாவுச்சத்தும் ஏறத்தாழ 60:40 என்ற ஆற்றல் பங்கில் எரிந்தாலும் அதே எண்தான் வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது சிறுநீர் நைட்ரஜன். ஒரு கிராம் நைட்ரஜன் என்றால் 6.25 கிராம் புரதம். அதை எரிக்க சுமார் 5.9 லிட்டர் ஆக்ஸிஜன் செலவாகி, 4.8 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும்.

பட்டினி கிடப்பவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 360 லிட்டர் ஆக்ஸிஜன் எடுத்து, 266 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விட்டார் என்று வைப்போம். ஈவு 0.74. அன்றைய சிறுநீரில் நைட்ரஜன் 12 கிராம், அதாவது புரதம் 75 கிராம். அதன் பங்கு ஆக்ஸிஜனில் 71 லிட்டர், கார்பன் டை ஆக்சைடில் 58. மீதி 208 / 289 = 0.72. புரதம் போக எரிந்தது கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு.

ஒரு வேளைச் சிறுநீர் விடுபட்டால் புரதக் கணக்கு குறைந்துவிடும். பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டால், இரத்தத்தில் ஏற்கெனவே இருந்த கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து வெளியேறி ஈவு 1-ஐயும் தாண்டலாம். அதனால் ஆளைப் படுக்க வைத்து, மூச்சு சீரான பிறகு வரும் அளவுகளை மட்டும் எடுப்பது நல்லது.