சிம்ஸ் 4-இல் நான்கு வருடம் சிசி போட்ட அனுபவம்: பழுதான ஃபைலைப் பாதி பாதியாகத் தேடிய கதை

லாஸ்பேட்டை வீட்டில் என் தங்கையும் நானும் ஒரே லேப்டாப்பில் நான்கு வருடமாக தி சிம்ஸ் 4 விளையாடுகிறோம். தமிழர் தெருக்களில் இருப்பதுபோல் திண்ணையும் முற்றமும் வைத்த வீடு கட்டவேண்டும், கேமின் மனிதர்களான சிம்களுக்குப் புடவை கட்டவேண்டும் என்ற ஆசையில்தான் கஸ்டம் கன்டென்ட், அதாவது விளையாடுபவர்களே செய்து பகிரும் உடைகளும் சாமான்களும், போட ஆரம்பித்தோம். எல்லோரும் அதைச் சிசி என்கிறார்கள். போடுவது சுலபம். இறக்கிய ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் `.package` ஃபைலை இந்த இடத்தில் வைத்தால் போதும்:

```
Documents\Electronic Arts\The Sims 4\Mods
```

உள்ளே நம் வசதிக்குத் தனித்தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சில மாட்களோடு வரும் ஸ்கிரிப்ட் ஃபைலான `.ts4script`-ஐ மட்டும் ஒரு ஃபோல்டருக்கு மேல் ஆழமாக வைத்தால் கேம் அதைப் படிக்காது.

2023 மார்ச்சில் கைக்குழந்தைகள் வந்த அப்டேட்டைப் போட்டோம். அப்டேட் ஆனதும், சிசி உட்பட Mods ஃபோல்டரில் நாம் போட்ட மாட்களைக் கேம் தானே அணைத்துவிடும். செட்டிங்ஸில் போய்த் திரும்ப ஆன் செய்தேன். அப்போது எங்களிடம் 1,180 ஃபைல். கேம் திறந்தது, வீடு வந்தது, ஆனால் ஃபிரிட்ஜைக் கிளிக் செய்தால் சமைக்கும் மெனுவே வரவில்லை. நாங்கள் இறக்கிய ஃபிரிட்ஜ் மட்டுமில்லை, கேமோடு வரும் சாதாரண ஃபிரிட்ஜும் அப்படித்தான்.

முதலில் சேவ் ஃபோல்டரை நகல் எடுத்து வைத்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். சிசி இல்லாத நேரத்தில் வீட்டைத் திறந்து சேவ் செய்துவிட்டால், அந்தச் சாமான்கள் வீட்டிலிருந்தே போய்விடும். சோதனைக்கென்று தனியாக ஒரு புதுக் குடும்பம், காலி வீடு, கேமின் சொந்த ஃபிரிட்ஜ் ஒன்று வைத்தேன். பிறகு Mods ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி, `localthumbcache.package` ஃபைலையும் அழித்துவிட்டுத் திறந்தேன். அந்த கேஷ் இருந்தால் எடுத்த சிசியின் தடம் ஒட்டிக்கொண்டிருக்கும், சோதனையை நம்ப முடியாது. மெனு வந்தது. ஆக, பழுது எங்கள் ஃபைல்களில்தான்.

இனி பாதி பாதி. 590 ஃபைலைத் திரும்ப வைத்தேன், மெனு இல்லை. அதை எடுத்துவிட்டு மற்ற 590-ஐ வைத்தேன், அதிலும் இல்லை! இரண்டு பாதியிலும் பழுது இருந்தால், பழுதான ஃபைல் குறைந்தது இரண்டு இருக்கிறது என்று அர்த்தம். பலர் முதல் பாதியை மட்டும் பார்த்து, ஒன்றைக் கண்டுபிடித்து, மீதியைத் திரும்பப் போட்டதும் பழுது மறுபடி வந்து நொந்துபோவது இதனால்தான். நான் இரண்டாம் பாதியை வெளியிலேயே வைத்துவிட்டு முதல் பாதிக்குள் இறங்கினேன். 295, 148, 74...

மூன்றாவது சுற்றில் தங்கை பதறினாள். "அக்கா, புடவையெல்லாம் சிவப்புக் கேள்விக்குறியா மாறிடுச்சு!" அந்தச் சுற்றில் ஒரு கணம் நானும் தடம் மாறியிருப்பேன். நடந்தது இவ்வளவுதான்: அந்தப் புடவை இரண்டு ஃபைலாக வரும். ஒன்றில் உடையின் வடிவமான மெஷ், மற்றதில் அதன் மேல் நிறம் மாற்றும் ரீகலர். பிரிக்கும்போது ஒன்று டெஸ்க்டாப்பிலும் மற்றது கேமிலும் மாட்டிக்கொண்டது. அது பழுதில்லை, நாமே பிரித்ததால் வந்தது. அதற்குப் பிறகு ஜோடி ஃபைல்களைச் சேர்த்தே நகர்த்தினேன், ஃபிரிட்ஜ் மெனு வருகிறதா இல்லையா என்ற ஒன்றை மட்டுமே பார்த்தேன்.

எங்கள் லேப்டாப்பில் ஒருமுறை திறக்க ஏழு நிமிடம். மொத்தம் பன்னிரண்டு முறை திறந்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாக 1,180-ஐச் சோதித்திருந்தால் நாள் கணக்காகியிருக்கும்.

கடைசியில் சிக்கியது ஒரு பழைய சமையலறை செட்டின் ஃபிரிட்ஜ். சிசி ஃபைல்களைப் பிரித்துப் பார்க்க உதவும் சிம்ஸ் 4 ஸ்டூடியோ என்ற மென்பொருளில் திறந்து பார்த்தேன். அதற்குள் உருவமும் நிறமும் மட்டுமில்லை, ஃபிரிட்ஜ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ட்யூனிங்கின் பழைய நகலும் இருந்தது. கேமின் சொந்த ட்யூனிங்கை அது மறைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் எல்லா ஃபிரிட்ஜும் முடங்கின. வெறும் உருவம், நிறம் மட்டும் உள்ள சிசி இப்படிச் செய்யாது.

இரண்டாவது? அதே பெயரை இரண்டாம் பாதியில் தேடினேன். பெயரின் கடைசியில் `(1)` ஒட்டிய அதே ஃபைல் வேறொரு ஃபோல்டரில் கிடந்தது. ஒரே செட்டை நான் இரண்டு முறை இறக்கியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் இப்போதும் உறுத்துகிறது. சீக்கிரம் லோட் ஆகட்டும் என்று புடவை தவிர மற்ற உடைகளையெல்லாம் சிம்ஸ் 4 ஸ்டூடியோவில் ஒரே பேக்கேஜாக இணைத்து வைத்திருந்தேன். பழுது அதற்குள் இருந்திருந்தால் பாதியாகப் பிரிக்கவே வழியில்லை, இணைத்ததைத் திரும்பப் பிரித்தாக வேண்டும். தனி ஃபைல்களை வேறு டிரைவில் வைத்திருந்ததால், அன்றிரவே இணைத்ததை அழித்துவிட்டுத் தனித்தனியாகத் திரும்ப வைத்துவிட்டேன். லோட் ஆக எட்டு நிமிடம் ஆகிறது. பரவாயில்லை.